படத்தைப் பார்க்காமல் படத்தைப் பற்றி எழுதுவது: தலைப்பு, விளக்கம், பின்னூட்டம் மட்டும் கையில் இருக்கும்போது

பென்னாகரத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒகேனக்கல் வெள்ளம் பற்றிய யூடியூப் காணொளிகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். பட்டியலில் ஏறிய காணொளிகளில் பலவற்றை இன்று பார்க்க முடியாது. சிலவற்றை ஏற்றியவர்களே எடுத்துவிட்டார்கள், சில கணக்குகள் முழுவதுமாக மறைந்துவிட்டன. முன்பே படியெடுத்து வைத்த தலைப்பும் விளக்கமும் பின்னூட்டங்களும்தான் மிச்சம். அவற்றை வைத்துக்கொண்டு எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று பதிவேட்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் வைக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே மாதிரியை எடுத்துக்கொள்கிறேன். உண்மையான யாருடைய பெயரையும் இழுக்க வேண்டாம் என்பதால் இதை இந்தப் பக்கத்துக்காக நானே அமைத்தேன். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு சிக்கலும் பதிவேட்டில் நாங்கள் சந்தித்ததே.

தலைப்பு: «ஒகேனக்கல்லில் இன்று 2 லட்சம் கன அடி! தொங்குபாலம் மூழ்கியது»

விளக்கம்: «கர்நாடக அணைகளில் இருந்து உபரி நீர் திறப்பு. பரிசல் இயக்கத் தடை. 0:00 ஊட்டமலை, 1:10 மெயின் அருவி, 2:55 தொங்குபாலம்.»

வெளியான நேரம்: `2024-07-31T19:05:00Z`. நீளம்: `PT4M17S`, அதாவது 4 நிமிடம் 17 விநாடி.

பின்னூட்டங்களில் ஆறு:

(அ) «சூப்பர் ப்ரோ, தெளிவா காட்டுனீங்க»
(ஆ) «3:10ல பாலத்துக்கு அடியில தண்ணி நல்லா கீழதான் போகுது, எங்க மூழ்குச்சு?»
(இ) «இது 2018 வீடியோ, அப்பவே பாத்துட்டேன்»
(ஈ) «1:25ல பின்னாடி கன்னடம் கேக்குது, இது நம்ம பக்கம் இல்ல»
(உ) «3 லட்சம்னு தலைப்பு போட்டு ஏமாத்தாதீங்க»
(ஊ) «நேத்து நாங்க அங்கதான் இருந்தோம், ஆலம்பாடி பக்கம் போலீஸ் விடல»

படத்தையே பார்க்காதவர் அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதலாமா?

எழுதலாம். ஆனால் அந்த வரியின் எழுவாய் யார் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. «தொங்குபாலம் மூழ்கியது» என்று நான் எழுதினால் பாலத்தைப் பற்றி நானே சாட்சி சொல்கிறேன். «தொங்குபாலம் மூழ்கியதாக ஏற்றியவர் தலைப்பிட்டிருக்கிறார்» என்று எழுதினால் தலைப்பைப் பற்றிச் சொல்கிறேன். தலைப்பை நான் பார்த்திருப்பதால் அது என்னால் பொறுப்பேற்கக் கூடிய கூற்று.

«காணொளியில் காட்டப்படுகிறது», «காணொளியில் காண்கிறோம்» போன்ற தொடர்களைப் படம் பார்க்காதவர் எழுதவே கூடாது என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறோம். விளக்கத்தில் 2:55 என்ற இடத்துக்கு எதிரே தொங்குபாலம் என்று இருந்தால், அந்த இடத்தில் பாலம் வருவதாக ஏற்றியவர் குறித்திருக்கிறார் என்பதோடு நிறுத்த வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதிவேடு தொடங்கிய புதிதில் இதே போன்ற ஒரு தலைப்பை நம்பிப் பாலம் மூழ்கியதாகவே நான் எழுதிவிட்டேன். ஊட்டமலையிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, தாம் அந்தப் படத்தைப் பார்த்ததாகவும் அதில் பாலத்தின் மீது ஆட்கள் நிற்பதாகவும் சொன்னார். அதற்குள் அந்த வரியை வேறு இரண்டு பேர் எடுத்தாண்டுவிட்டார்கள்.

தலைப்பில் 'இன்று' என்று இருக்கிறது. எந்தத் தேதி என்று போடுவது?

முதலில் வெளியான நேரத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். அதைத் தரும் `publishedAt` என்ற புலத்தின் கடைசியில் உள்ள `Z` என்ற எழுத்து அது உலகப் பொது நேரம் என்பதைக் குறிக்கிறது. நம்முடைய நேரம் அதோடு ஐந்தரை மணி கூட்டியது. ஆகவே 31 ஜூலை 19:05 என்பது இங்கே ஆகஸ்ட் 1 நள்ளிரவு தாண்டி 12:35. பட்டியலில் ஜூலை 31 என்று கண்ணால் பார்த்து அப்படியே எழுதியவர் ஒரு நாள் தவறிவிடுகிறார். வெள்ள நேரத்தில் ஒரு நாளில் நீர்வரத்து பல ஆயிரம் கன அடி மாறிவிடும் என்பதால் இது சிறிய தவறு அல்ல. கணக்கு சரியான பிறகும், நள்ளிரவு 12:35க்கு ஒருவர் 'இன்று' என்று எழுதினால் அவர் மனத்தில் இருந்தது பெரும்பாலும் முந்தைய பகல்தான். அது ஊகம் என்பதால் ஊகம் என்றே குறிக்க வேண்டும்.

அடுத்தது, வெளியான நேரம் படம் பிடித்த நேரம் அல்ல. அது ஓர் எல்லையை மட்டும் தருகிறது: படம் அதற்குப் பிறகு பிடிக்கப்பட்டிருக்க முடியாது. முன்பு எப்போது வேண்டுமானாலும் பிடிக்கப்பட்டிருக்கலாம். ஏற்றியவர் சில நாள் தனிப்பட்டதாக வைத்திருந்து பிறகு பொதுவில் விட்டிருந்தால், இந்தப் புலம் காட்டுவது பொதுவில் விட்ட நேரத்தைத்தான்.

வெளியான நேரம் கையில் இல்லாமல் பின்னூட்டங்கள் மட்டும் இருந்தால், அவற்றில் முதலாவதன் தேதியைக் கொண்டு, அந்த நாளுக்குள் பக்கம் பொதுவில் இருந்தது என்று சொல்லலாம். பிரீமியர் என்று முன்கூட்டி அறிவித்து வெளியிடும் படங்களில் படம் ஓடுவதற்கு முன்பே பின்னூட்டம் இட முடியும் என்பதால், பக்கம் இருந்தது என்கிறேனே தவிர, படம் பார்க்கக் கிடைத்தது என்று சொல்லவில்லை. திரையில் தெரியும் «2 ஆண்டுகளுக்கு முன்» போன்ற குறிப்பைப் படியெடுத்தவர்கள், எந்த நாளில் படியெடுத்தோம் என்பதையும் பக்கத்தில் எழுதாவிட்டால் அது எதற்கும் உதவாது.

2 லட்சம் கன அடி என்ற எண்ணை எடுத்துக்கொள்ளலாமா?

படம் கையில் இருந்தாலும் அந்த எண்ணைப் படத்திலிருந்து எடுக்க முடியாது. வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்பது பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளந்து சொல்வது. அருவியைப் பார்த்து யாரும் ஒன்றரை லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் வேறுபாடு சொல்லிவிட முடியாது. பாறைகள் மூழ்கி அருவிகளே தெரியாமல் ஒரே வெள்ளக்காடாகிவிட்ட பிறகு கண்ணுக்கு அளவுகோல் ஏது?

அதனால் இங்கே படம் இல்லாமல் போனதால் நமக்கு நட்டமில்லை. எண்ணை ஏற்றியவர் எங்கிருந்தோ கேட்டு எழுதியிருக்கிறார். அந்த நாளின் அதிகாரபூர்வ அளவைத் தேடி எடுத்து, ஏற்றியவர் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் தனியாக வைப்பதே முறை. இரண்டும் ஒத்துப்போனாலும் படம் அந்த நாளில் பிடித்தது என்று ஆகிவிடாது. பழைய படத்துக்குப் புதிய எண்ணைத் தலைப்பாகப் போட ஒரு நிமிடம் போதும்.

பின்னூட்டங்களில் எதற்கு மதிப்புத் தரலாம்?

நான் ஒவ்வொரு பின்னூட்டத்தையும் ஒரே கேள்வியால் சோதிக்கிறேன். படத்தைப் பார்க்காத ஒருவர், தலைப்பையும் விளக்கத்தையும் மட்டும் படித்துவிட்டு இதை எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால், அது படத்தைப் பற்றி எனக்கு எதையும் கூட்டித் தரவில்லை. (அ) அப்படிப்பட்டது. தெளிவாகக் காட்டியதாகப் பாராட்டுகிறது, ஆனால் எதை என்று சொல்லவில்லை. இத்தகைய பாராட்டு நாற்பது இருந்தாலும் என் பதிவில் அது ஒரு வரிகூட ஆகாது.

(ஆ) வேறு வகை. 3:10 என்ற இடத்தைக் குறிப்பிடுகிறது, தலைப்பில் இல்லாத ஒன்றைச் சொல்கிறது, தலைப்பை மறுக்கவும் செய்கிறது. விளக்கத்தில் பாலம் 2:55க்குத் தொடங்குவதாக இருப்பதோடு 3:10 பொருந்துகிறது. படத்தின் மொத்த நீளமான 4:17க்குள்ளும் அடங்குகிறது. தலைப்பிலிருந்து கற்பனை செய்து எழுதுகிறவர் பாலம் மூழ்கிவிட்டது என்று பதறுவாரே தவிர, தண்ணீர் கீழே போகிறது என்று எழுத மாட்டார். ஆகவே இவர் படத்தைப் பார்த்தவர் என்று கொள்வதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பாலத்தைப் பற்றி எனக்குக் கிடைத்தவற்றில், ஏற்றியவர் தம் கையால் எழுதிய தலைப்பைவிட இந்த ஒரு வரிக்கே நான் கூடுதல் எடை தருவேன். பார்வையை இழுப்பதற்காகத் தலைப்பு மிகைப்படுவது வழக்கம், இந்தப் பார்வையாளருக்கோ அப்படி ஒரு தேவை தெரியவில்லை. ஆனாலும் இவர் ஒருவர்தான். பாலத்தை வேறொரு பாலத்தோடு குழப்பியிருக்கலாம். எனவே «3:10இல் நீர் பாலத்துக்குக் கீழே செல்வதாக ஒரு பார்வையாளர் எழுதியிருக்கிறார், இது தலைப்புக்கு முரண்படுகிறது» என்று எழுதி நிறுத்துகிறேன்.

பின்னூட்டத்தில் குறித்த நேரம் படத்தின் நீளத்தைத் தாண்டியிருந்தால் அதை உடனே பொய் என்று தள்ளிவிட வேண்டாம். ஒருவர் இந்தப் படத்துக்கு 6:05 என்று எழுதியிருந்தால் அது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். ஏற்றியவர் பிற்பாடு படத்தின் ஒரு பகுதியை வெட்டியிருக்கவும் கூடும். யூடியூபின் திருத்தும் கருவியால் வெட்டினால் முகவரியும் பழைய பின்னூட்டங்களும் அப்படியே இருக்கும், நீளம் மட்டும் குறையும். இரண்டு மூன்று பேர் ஒரே மாதிரி நீளத்துக்கு அப்பால் குறித்திருந்தால் வெட்டப்பட்டிருக்கும் என்ற ஐயத்தைப் பதிவில் சேர்ப்பேன்.

(ஈ) பற்றி நம் பகுதியை அறிந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பின்னணியில் கன்னடம் கேட்கிறது என்பது அவர் காதால் கேட்டதாக இருக்கலாம், 1:25 என்று இடமும் குறித்திருக்கிறார். ஆனால் «நம்ம பக்கம் இல்ல» என்பது அவர் அதிலிருந்து எட்டிய முடிவு. ஒகேனக்கல்லில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகம். இந்தப் பக்கத்திலும் கன்னடம் பேசும் குடும்பங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிறைய. சுற்றுலா வருகிறவர்களில் பெங்களூர்க்காரர்களும் உண்டு. கன்னடம் கேட்பதை வைத்துக் கரையை முடிவு செய்ய முடியாது. அவர் கேட்டதாகச் சொல்வதை எழுதுகிறேன், அவர் முடிவை எழுதுவதில்லை.

(ஊ) நல்ல சாட்சியம், ஆனால் வேறு பொருளுக்கு. ஆலம்பாடிப் பக்கம் காவலர் தடுத்தது அவர் நேரில் கண்டது. அது அன்றைய நிலைமையைப் பற்றிய தகவல், படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பதிவேட்டில் இதை வேறு பத்தியில் வைக்கிறோம். இரண்டையும் கலந்து «காணொளியில் காவலர்கள் தடுக்கிறார்கள்» என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் '2018 வீடியோ' என்கிறார். பழைய படத்தை ஏற்றி ஏமாற்றியதாக எழுதிவிடலாமா?

கூடாது. ஒகேனக்கல்லில் 2018, 2019, 2022, 2024 எனப் பல ஆண்டுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெருவெள்ளம் வந்திருக்கிறது. கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி உபரி நீர் திறக்கும் போதெல்லாம் அதே பழுப்பு நிறத் தண்ணீர், அதே கோணத்தில் எடுத்த அதே அருவி. இங்கே பிறந்து வளர்ந்தவருக்கே ஓராண்டுப் படத்தை இன்னோர் ஆண்டினுடையது என்று தோன்றிவிடும். (இ) எழுதியவர் «அப்பவே பாத்துட்டேன்» என்பதைத் தவிர எதையும் ஆதாரமாகக் காட்டவில்லை. பழைய படத்தின் முகவரியைத் தந்திருந்தால், அல்லது 2018க்குப் பிறகு மாறிய ஒரு கட்டுமானம் படத்தில் பழைய தோற்றத்தில் இருப்பதாக இடம் குறித்துச் சொல்லியிருந்தால், எடை கூடும்.

அதே நேரத்தில் அவர் சொன்னதை விட்டுவிடவும் கூடாது. முன்னே சொன்ன எல்லையோடு அவர் கூற்று முரண்படவில்லை: ஆகஸ்ட் 1, 2024க்கு முன் எப்போது வேண்டுமானாலும் பிடித்திருக்கலாம், அதில் 2018உம் அடங்கும். «படம் 2018இல் எடுத்தது என்று ஒரு பார்வையாளர் கூறுகிறார், சான்று தரவில்லை» என்பதே நேர்மையான வரி. ஏமாற்றினார் என்பது ஏற்றியவரின் மனத்தைப் பற்றிய கூற்று, அது எந்தப் பின்னூட்டத்திலிருந்தும் கிடைக்காது.

ஒரு நிகழ்வு ஒரே ஒரு முறைதான் நடந்தது என்றால் நிலைமை வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டி வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டதைப் போன்ற ஒன்றுக்கு, பழைய ஆண்டுப் படம் என்று ஒருவர் சொன்னால் அவர்தான் எந்த ஆண்டு என்று விளக்க வேண்டியிருக்கும். ஆண்டுதோறும் வரும் வெள்ளத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தலைப்பை இடையில் மாற்றியிருந்தால் தெரியவருமா?

பக்கத்தில் எந்த அடையாளமும் இருக்காது. பின்னூட்டத்தைத் திருத்தினால் திருத்தப்பட்டது என்ற குறி வரும், தலைப்பையும் விளக்கத்தையும் ஏற்றியவர் எத்தனை முறை மாற்றினாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. இங்கே பின்னூட்டங்களே உதவுகின்றன. (உ) எழுதியவர் 3 லட்சம் என்ற தலைப்போடு சண்டை போடுகிறார், நம் கையில் உள்ள தலைப்போ 2 லட்சம் என்கிறது. அவர் தவறாகப் படித்திருக்கலாம், அல்லது பலர் திட்டியதால் ஏற்றியவர் எண்ணைக் குறைத்திருக்கலாம். அதே குறையை வேறு யாரும் சொல்லியிருக்கிறார்களா, அவர்கள் எல்லோரும் முதல் சில மணி நேரத்துக்குள் எழுதியவர்களா என்று பார்க்கிறேன். அப்படி இருந்தால் மாற்றப்பட்டது என்பதற்கு வாய்ப்பு அதிகம். ஒருவர் மட்டும் என்றால் «தலைப்பில் முன்பு வேறு எண் இருந்திருக்கலாம்» என்பதோடு சரி. இதனால்தான் தலைப்பை எந்த நாள் படியெடுத்தோம் என்பதையும் தலைப்போடு சேர்த்தே எழுதுகிறோம்.

யாரும் மறுக்கவில்லை என்றால் தலைப்பு உண்மைதானே?

இல்லை. வேண்டாத பின்னூட்டங்களை ஏற்றியவர் நீக்கலாம், தாம் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியே தெரியும்படி வைக்கலாம். நம் படியில் இருப்பது மிஞ்சியவை மட்டுமே. மேலும் முக்கியமானவை முதலில் என்ற வரிசையில் சிலவற்றை மட்டும் படியெடுத்திருந்தால், விருப்பக்குறி வாங்காத ஒரு மறுப்பு கீழே எங்கோ தங்கியிருக்கும். புதியவை முதலில் என்ற வரிசையில் கடைசி வரை எடுத்தோமா என்பதைப் பதிவில் ஒரு சொல்லால் குறிக்க வேண்டும்.

அப்படியானால் இந்த மாதிரிக்குப் பதிவு எப்படி இருக்கும்?

இவ்வாறு எழுதுவேன்:

«படம் பார்க்கப்படவில்லை. ஆகஸ்ட் 1, 2024 நள்ளிரவு 12:35க்கு (இந்திய நேரம்) பொதுவில் வந்தது, எனவே படம் பிடித்தது அதற்கு முன். நீளம் 4 நிமிடம் 17 விநாடி. ஊட்டமலை, மெயின் அருவி, தொங்குபாலம் ஆகியவை வருவதாக ஏற்றியவர் விளக்கத்தில் குறித்திருக்கிறார். பாலம் மூழ்கியதாகத் தலைப்பு கூறுகிறது. 3:10இல் நீர் பாலத்துக்குக் கீழே செல்வதாக ஒரு பார்வையாளர் மறுக்கிறார். 2018இல் எடுத்த படம் என இன்னொருவர் சான்றின்றிக் கூறுகிறார். 1:25இல் கன்னடப் பேச்சு கேட்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். 2 லட்சம் கன அடி என்பது ஏற்றியவர் தந்த எண், அதிகாரபூர்வ அளவோடு ஒப்பிட வேண்டும். தலைப்பில் முன்பு வேறு எண் இருந்திருக்கலாம். தலைப்பும் பின்னூட்டங்களும் படியெடுத்த நாள் இன்னது; பின்னூட்டங்கள் முழுமையாக எடுக்கப்படவில்லை.»

பின்னூட்டம் இட்டவர்களின் பெயர்களை நாங்கள் எழுதுவதில்லை. தம் ஊர்ப் பாலத்தைப் பற்றி ஒரு வரி எழுதியவர் பதிவேட்டில் சாட்சியாக நிற்க ஒப்புக்கொண்டவர் அல்லர்.

பிறகு யாரிடமாவது படம் கிடைத்துவிட்டால் இந்தப் பதிவை அழித்துவிடலாமா?

அழிக்க வேண்டாம். கீழே புதிய தேதியுடன், படத்தைப் பார்த்தவர் யார், அவரிடம் உள்ளது முழுப் படமா, வெட்டியதா, 3:10இல் பாலம் எப்படி இருக்கிறது என்பதைச் சேருங்கள். கைபேசியில் யாரோ சேமித்துப் பகிர்ந்த கோப்பு அதே முகவரியில் இருந்த படம்தானா என்பதை நீளத்தை வைத்தும், விளக்கத்தில் குறித்த மூன்று இடங்களும் அதே நேரத்தில் வருகின்றனவா என்பதை வைத்தும் ஒப்பிட்ட பிறகே «படம் பார்க்கப்பட்டது» என்று மாற்றலாம்.